நாற்பதாம் ஏட்டுக்கு அப்புறம்

"சாமிச் சண்டைன்னு ஒண்ணு கிடையாது தம்பி. எல்லாம் சொத்துச் சண்டை. சாமி அது மேல போர்த்துற துண்டு." எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ஒரு அண்ணன் இப்படிச் சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டிருக்கும் மிகுபுனைவு நாவலில், நானே உருவாக்கிய ஒரு மதம் இரண்டாக உடைந்து ஊரே பற்றி எரிகிறது. அந்த உடைப்பைப் பற்றிப் பேசும்போதுதான் இது வந்தது. தொழிற்சங்கத்தில் காலம் கழித்தவர், எதிலும் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பவர். அவர் சொன்னதை என்னால் முழுசாக ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, தள்ளிவிடவும் முடியவில்லை. அவர் சொல்வது சரியென்றால் என் நாவலில் மதமே தேவையில்லை, ஒரு வரப்புத் தகராறு போதும்.

அவர் சாட்சிக்குக் கூப்பிட்டது காஞ்சிபுரத்தை. வடகலை, தென்கலை கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது, பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது, இறைவனின் அருள் இதில் எந்த மாதிரி என்று இரு தரப்பும் எவ்வளவு நுட்பமாக வாதாடியிருக்கின்றன! ஆனால் வரதராஜர் கோயிலில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து நீதிமன்றப் படியேறிய வழக்குகளில் குட்டிகளைப் பற்றிப் பேச்சில்லை. பிரபந்த கோஷ்டியில் யார் நிற்பது, 'ஸ்ரீசைலேச தயாபாத்ரம்' சொல்லித் தொடங்குவதா 'ராமாநுஜ தயாபாத்ரம்' சொல்லித் தொடங்குவதா என்பதுதான் வழக்கு. "பார்த்தியா, உரிமை. மிராசு. மரியாதை" என்றார் அண்ணன்.

எனக்கு அதே காஞ்சிபுரம் வேறொன்றைக் காட்டியது. முதல் சுலோகம் ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டு தரப்பும் ஒரே பெருமாளைக் கும்பிடுகிறார்கள், ஒரே ஆழ்வார்களைப் பாடுகிறார்கள், ராமாநுஜர் இருவருக்கும் பொது, வீதிப் புறப்பாட்டின் நாளும் ஒன்று. எல்லாம் பொதுவாக இருப்பதால்தான், எது முதலில் என்ற இடத்தில் விலகிப் போக வழியில்லாமல் முட்டிக்கொள்கிறார்கள். கொள்கையில் எவ்வளவு தூரம் விலகியிருந்தாலும் இருவரும் ஒரே ஊரில் சும்மா வாழலாம். ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், இரண்டையும் செய்ய முடியாது என்கிற ஒரு செயல் வந்தால்தான் கை ஓங்குகிறது. நாவலுக்காகப் பிளவை யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் எதிர்த் திசையில் போகிறார்கள். ஒரு தரப்பு ஒளியை வணங்கும், இன்னொன்று இருளை வணங்கும், அப்புறம் போர். அது பிளவு இல்லை. அவை இரண்டு தனி மதங்கள்.

இரண்டு விரலும் மூன்று விரலும்

அண்ணனுக்குப் பதில் தேடி நான் போய்ச் சேர்ந்தது ரஷ்யாவுக்கு. 1652இல் நிகோன் என்பவர் மாஸ்கோவின் மறைமுதல்வர் ஆகிறார். ரஷ்யத் திருச்சபையின் வழக்கங்கள் அன்றைய கிரேக்கத் திருச்சபையோடு ஒத்துப்போகவில்லை என்று பார்த்து, திருத்தத் தொடங்குகிறார். சிலுவை அடையாளம் போடும் கையில் இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல். அல்லேலூயா இரண்டு தடவைக்குப் பதில் மூன்று தடவை. கோயிலைச் சுற்றும் ஊர்வலம் சூரியன் போகும் திசைக்கு எதிராக. இயேசுவின் பெயரை எழுதும்போது ஓர் எழுத்து கூடுதலாக. பட்டியல் இப்படித்தான் போகிறது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சனங்கள் இதற்காகச் செத்தார்கள். பழைய வழக்கத்தை விடாத பாதிரியார் அவ்வாக்கும், வடகோடியில் புஸ்தோஸெர்ஸ்க் என்ற இடத்தில் சிறைவைக்கப்பட்டு 1682இல் எரிக்கப்பட்டார்.

அந்தக் கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பழைய முறையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீண்டு நிற்கும், பெருவிரல் மற்ற இரண்டோடு சேர்ந்திருக்கும். நீண்ட இரண்டு விரல், கிறிஸ்து கடவுளும் மனிதனும் என்பதற்கு. சேர்ந்த மூன்று, மூவொரு கடவுளுக்கு. புதிய முறையில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் நுனி சேரும், மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையில் மடங்கும். சேர்ந்த மூன்று, மூவொரு கடவுளுக்கு. மடங்கிய இரண்டு, கிறிஸ்துவின் இரு தன்மைக்கு. ஆக, இரண்டு கையும் ஒரே நம்பிக்கையைத்தான் சொல்கின்றன. கொள்கையில் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. நான் கற்பனை செய்து இப்படி எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

இதைவிட எனக்குப் பயன்பட்டது அதன் முன்கதை. 1551இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபைச் சங்கம், இரண்டு விரலால் அடையாளம் போடாதவர்களுக்குச் சாபம் விதித்திருந்தது. 1667 சங்கம் இரண்டு விரல்காரர்களைச் சபித்தது. ஒரே திருச்சபை, நூற்றுச் சொச்சம் ஆண்டு இடைவெளியில், இரண்டு பக்கமும் சபித்திருக்கிறது. பழையவர்கள் தாங்கள் புதிதாக எதையும் செய்யவில்லை என்று ஏட்டைக் காட்டலாம். புதியவர்கள், மூல ஊற்றான கிரேக்கரைப் பாருங்கள் என்று காட்டலாம். இதில் இன்னொரு திருகல்: பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, ரஷ்யர்களின் இரண்டு விரல்தான் பழைய கிரேக்க வழக்கம், மாறிப்போனவர்கள் கிரேக்கர்கள்தான் என்று தெரிந்தது. நிகோனும் தப்பவில்லை. ஜாரோடு மனக்கசப்பாகி, 1666இல் சங்கம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. அவருடைய திருத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டது. வில்லனைக் கொன்றால் சண்டை தீரும் என்று திட்டமிடும் நாவலாசிரியர்கள் இந்த இடத்தைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

இனி அண்ணனின் துண்டுக்கு வருவோம். மொரோஸவா என்று ஒரு சீமாட்டி. அரசவைக்கு நெருக்கமான குடும்பம், விதவை, அன்றைய ரஷ்யாவின் பெரும் பணக்காரிகளில் ஒருத்தி. பழைய வழக்கத்தை விட மறுத்ததால் 1671இல் கைதாகிறாள். சொத்து பறிபோகிறது. காவலில் இருக்கும்போதே ஒரே மகன் இறந்துபோகிறான். 1675இல் போரொவ்ஸ்க் என்ற ஊரில், மண்ணுக்கடியில் தோண்டிய சிறையில் பட்டினியால் சாகிறாள். மூன்று விரலைச் சேர்த்து ஒரு தடவை காட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சூரிக்கவ் 1887இல் வரைந்த பெரிய ஓவியத்தில் அவளைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துப் போகிறார்கள். சங்கிலியோடு கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டுகிறாள். கூட்டத்தில் ஒரு பிச்சைக்காரன் பனியில் உட்கார்ந்தபடி அதே இரண்டு விரலைத் திருப்பிக் காட்டுகிறான். இதில் எந்தச் சொத்தை எந்தத் துண்டு மூடுகிறது?

அண்ணனிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "சொலவெத்ஸ்கி மடம் எட்டு வருஷம் முற்றுகையைத் தாங்குச்சே, அந்த மடத்துக்கு எத்தனை உப்பளம் இருந்துச்சுன்னு பாத்தியா?" என்றார். வாஸ்தவம்தான். 1668 முதல் 1676 வரை ஜாரின் படையை எதிர்த்து நின்ற அந்தத் தீவு மடம் உப்புத் தொழிலில் கொழித்த மடம். அங்கே சொத்தும் சுதந்திரமும் விரலும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தன. இந்த வாதத்தில் நான் ஜெயிக்கவில்லை. ஆனால் எழுதுவதற்கு ஒரு விதி கிடைத்தது: இரண்டு தரப்பிலும், தன் நம்பிக்கையால் நஷ்டப்படும் ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். லாபப்படுகிறவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த ஒரு நஷ்டக்காரர் இல்லாவிட்டால் வாசகருக்கும் அண்ணன் மாதிரியே தோன்றிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு மணியடித்தாலும் அவர் காதில் விழாது.

காணாமல் போன மூன்று ஏடுகள்

என் நாவலின் நாடு ஒரு கழிமுகம். ஆறு சில தலைமுறைக்கு ஒருமுறை தடம் மாறும், ஊர்கள் அதன் பின்னாலேயே இடம் மாறும். மதத்தைத் தொடங்கியவள் ஓடத்தாய். ஒரு வெள்ளத்தின்போது இரவில் ஒற்றை விளக்கோடு சனங்களை மறுகரைக்குக் கொண்டுபோனவள். அவள் கதையைச் சொல்லும் நூல் அறுபத்து நான்கு ஏடுகள். சடங்கு என்று பெரிதாக ஒன்றுதான்: மழைக்காலத்து அமாவாசை இரவில் ஓடக் கூடத்தில் எல்லாரும் கூடி, முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடுவரை பாட வேண்டும். நூல் எப்படியிருக்கும் என்று நிறைய எழுதிப் பார்த்தேன். வாசகர் பார்க்கப்போவது மொத்தமே இருபது வரிதான். மாதிரிக்கு இரண்டு:

துடுப்பு ஒன்று, கைதான் மாறும்.
கரை இரண்டு, எதுவும் வீடல்ல.

வேத நூலுக்குக் கரடுமுரடான பழந்தமிழ் போட்டால் கனம் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு பலருக்கும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. சனங்கள் வாயில் புழங்கும் நூலின் வரிகள் மழுங்கிப்போய், பழமொழியாகி, பாதி தப்பாகவே வழங்கும். மீன் விற்கிறவள் பேரம் முடியாதபோது "கரை இரண்டு" என்று பெருமூச்சு விட்டால், அந்த நூல் உண்டு என்று வாசகர் நம்பிவிடுவார்.

இந்த நூலில் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று ஆகிய ஏடுகள் இல்லை. எப்போதோ ஆறு கொண்டுபோய்விட்டது. நாற்பதாம் ஏடு "நடு ஆற்றில் அவள் திரும்பிச் சொன்னாள்" என்று முடிகிறது. நாற்பத்து நான்காம் ஏடு "என்று சொல்லிக் கரையேறினாள்" என்று தொடங்குகிறது. நடுவில் அவள் என்ன சொன்னாள் என்பது போய்விட்டது. அதனால் நாற்பதாம் ஏட்டுக்கு அப்புறம் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். அண்டாத் தண்ணீரில் ஒரு நாழிகை வட்டிலை மிதக்க விடுவார்கள். அடியில் ஊசித் துளையிட்ட செம்புக் கிண்ணம் அது. சிறுகச் சிறுகத் தண்ணீர் ஏறி அது முங்க ஒரு நாழிகை, அதாவது நம் கணக்கில் இருபத்து நான்கு நிமிடம். அதுவரை இருட்டு, பேச்சில்லை. வட்டில் அண்டாவின் அடியில் தட்டும் சத்தம் கேட்டதும் விளக்கேற்றி நாற்பத்து நான்காம் ஏட்டைத் தொடங்குவார்கள். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தவர்களுக்கு அந்த இருட்டு வெறும் இடைவெளியாக இல்லை. ஓடத்தாய் பேசுவதே அப்போதுதான் என்று ஆகிவிட்டது.

சடங்கை எழுதும்போது அதன் நடுவில் ஒரு சமையல்காரியையும் ஒரு கைக்குழந்தையையும் உட்கார வைத்துப் பார்ப்பது என் வழக்கம். சமையல்காரி உலையில் வைத்த சோறு இருபத்து நான்கு நிமிடம் என்னவாகும்? அடுப்பும் நெருப்புதானே, அதையும் அணைக்க வேண்டுமா? குழந்தை அழுதால்? இந்தக் கடைசிக் கேள்விதான் நாவலைத் திறந்தது. குழந்தை வைத்திருப்பவர்கள் கூடத்துக்கு வெளியே படித்துறையில் உட்கார வேண்டும் என்று வழக்கம் ஆகியிருக்கும். அங்கே மௌனம் கட்டாயமில்லை. வருஷா வருஷம் பால் கொடுக்கும் தாய்மார்கள் படியில் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல், ஆற்றின் மேல்கோடியிலிருந்து கலியாணமாகி வந்த ஒருத்தி தன் பாட்டியிடம் கேட்ட தாலாட்டைப் பாடக் கேட்கிறார்கள். அந்தத் தாலாட்டு "என்று சொல்லிக் கரையேறினாள்" என்ற அடியில் கச்சிதமாக வந்து நிற்கிறது. காணாமல் போன மூன்று ஏடும் அதில் இருக்கிறதா? இருக்கலாம். மேல்கோடிக்காரர்கள் பின்னால் கட்டிய பாட்டாகவும் இருக்கலாம்.

பாட்டை ஏற்றவர்கள், அமாவாசையில் அந்த இடத்தில் இதைப் பாட வேண்டும் என்கிறார்கள். தாய் சொன்ன சொல் கிடைத்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது அவளை மறுபடியும் ஆற்றில் தள்ளுவது. இருட்டைக் காப்பவர்களுக்கோ அவளுடைய பேச்சின் மேல் மனுஷக் குரலை ஏற்றுவது அதைவிடப் பெரிய பாவம். ஒரே கூடம், ஒரே இரவு, ஒரே நாழிகை. மௌனத்தைக் கலைக்க ஒரே ஒரு ஆள் வாய் திறந்தால் போதும் என்பதால் இதில் சமபலமும் இல்லை. நூறு பேர் சும்மா இருந்தாலும் ஒரு பெண் பாடினால் அவர்கள் வழிபாடு போச்சு. முதல் ரத்தம் விழுவது ஒருத்தியின் வாயைப் பொத்தும் ஒரு கையால். பொத்துகிறவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். கட்சிகளுக்குப் பெயர் வைப்பதை எதிரிகளிடமே விட்டேன். பாடுகிறவர்களை மற்றவர்கள் 'நிரப்பிகள்' என்கிறார்கள். இவர்கள் பதிலுக்கு அவர்களை 'வாய்க்கட்டுகள்' என்கிறார்கள். தங்களைக் கேட்டால் இரு தரப்பும் சொல்வது 'ஓடத்தார்' என்றுதான்.

அண்ணனுக்காகப் பணத்தையும் வைத்தேன். அந்தத் தாலாட்டில் ஓர் அடி, ஓடத்துக்குக் கூலி வாங்காதே என்கிறது. ஓடக் கூடத்தின் வருமானமே துறைக் கூலிதான். அப்படியானால் கூடத்துத் தலைவர்கள் இருட்டின் பக்கம் நிற்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாட்டின் பக்கம் உறுதியாக நிற்பவன் மேல்கோடியில் ஓடம் தள்ளிப் பிழைக்கும் ஒருவன். பாட்டு ஜெயித்தால் அவன் சோற்றில் மண். தெரிந்தே பாடுகிறான். இந்தப் பக்கம், கூடத்தின் கணக்குப் பிள்ளை ஒருத்தி. கூலியை ஒழித்துவிடலாம், ஏழைகள் பாவம் என்று முதலில் சொன்னவளே அவள்தான். ஆனாலும் அந்த நாழிகையில் யாரும் பாடக் கூடாது என்று அவளும் தடுக்கிறாள். இவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசும் அத்தியாயத்தைத்தான் நான் அதிகம் திருத்தினேன். கூலி விஷயத்தில் அவர்களுக்குள் சண்டையே இல்லை என்று இருவருக்கும் புரிகிறது. அப்படியும் பிரச்சினை தீரவில்லை என்பது அதைவிட நன்றாகப் புரிகிறது.

விளக்கு யார் கையில்

ரஷ்யக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி பிளவுக்கு அப்புறம் வருவது. நாவல்களில் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு பாதிரியாரை நியமிக்க ஆயர் வேண்டும். பழைய வழக்கக்காரர்கள் பக்கம் வெளிப்படையாக நின்ற ஆயர், கொலொம்னாவின் பாவெல், 1656லேயே செத்துப்போனார். பழைய பாதிரியார்கள் ஒவ்வொருவராகச் சாகச் சாக, புதியவர்களை நியமிக்க ஆளில்லை. பாதிரியார் இல்லாவிட்டால் நற்கருணை இல்லை, திருமணம் இல்லை. இந்த நடைமுறைச் சிக்கல் அவர்களை மறுபடியும் உடைத்தது. ஒரு பிரிவு, எதிரித் திருச்சபையிலிருந்து ஓடிவரும் பாதிரியார்களை ஏற்றுக்கொண்டது. இன்னொரு பிரிவு பாதிரியாரே இனி உலகில் இல்லை என்று முடிவுகட்டியது. அந்தப் பிரிவுக்குள்ளேயே, அப்படியானால் கலியாணம் செய்யலாமா கூடாதா என்று மேலும் ஒரு உடைப்பு. முதல் பிரிவுக்கு ஓர் ஆயர் கிடைக்க 1846 ஆனது. சாபம் விதித்த திருச்சபை அதை நீக்கியது 1971இல்.

இதை அப்படியே என் கழிமுகத்துக்குக் கொண்டுவந்தேன். பாடகர் ஆவதற்கு முந்தைய பாடகர் தன் எரியும் விளக்கிலிருந்து திரி பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். அந்த விளக்கில்லாமல் பிணத்தை ஆற்றில் அனுப்ப முடியாது. கூடத்தில் ஏழு பாடகர்கள். ஆறு பேர் இருட்டின் பக்கம். பாட்டின் பக்கம் வந்த ஒரே கிழவர், யாருக்கும் திரி கொடுக்குமுன் காய்ச்சலில் போய்விடுகிறார். ஒரு விளக்கு அணைகிறது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரமே ஒரு குழந்தை செத்தால் என்ன செய்வார்கள்? ஒரு கூட்டம் இரவில் கூடத்துக்குள் நுழைந்து நெருப்பைத் திருடுகிறது. திருட்டு நெருப்பு செல்லுமா? இன்னொரு கூட்டம், ஓடத்தாயின் விளக்கும் யாரோ ஒருத்தியின் அடுப்பில் பற்றவைத்ததுதானே, நம் அடுப்பு போதும் என்கிறது. நாவலின் இரண்டாம் பாதி முழுக்க இவர்கள் இருவருக்கும் நடக்கும் சண்டைதான். கூடத்துக்காரர்களை அவர்கள் ஏறக்குறைய மறந்தே போகிறார்கள்.

பிளவு உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. நல்ல மனசுள்ள ஒரு பஞ்சாயத்துக்காரரை உள்ளே அனுப்புவேன். அவர் சொல்லும் சமரசம் பலித்துவிட்டால் பிளவில் சத்தில்லை. இதில் அவர் முதலில், இருட்டு முடிந்ததும் பாடிக்கொள்ளுங்கள் என்றார். அப்படியானால் மௌனத்தில் தாய் பேசியது போதவில்லை என்று ஆகும், முடியாது. ஒரு வருஷம் அவர்கள், மறு வருஷம் இவர்கள் என்றார். கூடத்தில் அந்த அமாவாசையைச் சரியாக முடித்தால்தான் அந்த வருஷத்துப் பிணங்கள் கரை சேரும் என்பது நம்பிக்கை. யாருடைய பிணங்களை நடு ஆற்றில் விடுவது? வேறு கூடம் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். இதில் மட்டும் கொஞ்சம் தடுமாறினேன், ஏனென்றால் நிஜ வாழ்க்கையில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. அப்புறம், அந்த அறுபத்தொரு மூல ஏடும் ஒரே பிரதிதான், கூடத்துப் பெட்டியில் இருக்கிறது, படி எடுக்கத் தடை என்று வைத்தேன். பஞ்சாயத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த சிலரிடம் கேட்பதும் ஒன்றுதான்: நீங்கள் யார் பக்கம்? எல்லாரும் ஒரே பக்கம் கையைத் தூக்கினால் மற்றப் பக்கத்துக்கு நான் ஒரு நல்ல வாதத்தைக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். இப்போதைக்குப் பாட்டின் பக்கம் கொஞ்சம் சாய்கிறார்கள். பாடுகிறவர்கள் ஏழைகள், கதையில் அவர்களுக்கு இது எப்போதும் நடக்கிற சலுகை. அதனால் இருட்டின் பக்கத்துக்கு இன்னும் ஓர் அத்தியாயம் எழுதுகிறேன். தாலாட்டைக் கேட்டு அழுத ஒரு வயசான அம்மாள், பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பிள்ளை செத்த வருஷம் அந்த இருட்டில் எனக்கு ஒன்று கேட்டது, அது இந்தப் பாட்டு இல்லை என்கிறாள்.

அண்ணன் பிரதியைப் படித்துவிட்டு, கூலி சம்பந்தமான இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: நிஜமாகவே அந்த மூன்று ஏட்டில் என்னதான் இருந்தது, உனக்காவது தெரியுமா? தெரியாது. குறிப்பேட்டில்கூட எழுதி வைக்கவில்லை, எழுதவும் போவதில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டால் என்னையறியாமல் ஒரு பக்கத்துக்கு நல்ல வசனமாகவும் மறுபக்கத்துக்கு மொக்கை வசனமாகவும் கொடுக்க ஆரம்பித்துவிடுவேன். அண்ணனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ஏட்டுப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையாவது இன்னும் தெளிவாக எழுது என்றார். அது நியாயம். அந்த அத்தியாயத்தை இந்த வாரம் திருத்துகிறேன்.